கொழும்பில் பிள்ளைக்குச் சோறு தீத்துதல்: நாள் பார்ப்பதிலிருந்து மூன்றாவது வாய் வரை

சோறு தீத்துவதற்கு நாள் பார்க்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, பிள்ளை ஆணா பெண்ணா என்பது. ஆண் பிள்ளைக்கு இரட்டை மாதம், அதாவது 6, 8, 10. பெண் பிள்ளைக்கு ஒற்றை மாதம், அதாவது 5, 7, 9. வெள்ளவத்தையில் இருந்தாலும் கொட்டாஞ்சேனையில் இருந்தாலும் நம் வீடுகளில் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் அம்மம்மாக்களே வைத்திருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வைத்திருக்கும் கணக்கோ ஒன்றுதான்: ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், முடிந்ததும் சோறு. இந்த இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நாள் குறிப்பது

சாத்திரத்தில் சொல்லும் மாதம் பெரும்பாலும் நடக்கிற மாதம். பிறந்த நாளிலிருந்து முதல் முப்பது நாள் முதலாம் மாதம். ஆகவே ஏழாம் மாதம் என்பது ஆறு மாதம் முடிந்த மறுநாள் தொடங்குகிறது. பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதனால் கவலையே இல்லை. அம்மம்மாவின் ஏழாம் மாதமும் கிளினிக்கின் ஆறு மாத நிறைவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஐந்தாம் மாதத்தில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். அப்போது பிள்ளைக்கு நான்கு மாதம்தான் முடிந்திருக்கும்.

ஆண் பிள்ளைக்குத்தான் சிக்கல். நடக்கிற ஆறாம் மாதம் என்றால் ஐந்து மாதம் முடிந்த பிள்ளை. அது முந்திவிடுகிறது. எட்டாம் மாதம் வரை காத்திருந்தால் ஏழு மாதம் கடந்துவிடுகிறது. தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதமளவில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் இருப்பது அந்தக் குறையை நிரப்பப் போதாது. ஆகையால் நாள் நல்லதாக அமையவில்லை என்பதற்காக ஒரு மாதத்துக்கு மேல் பிள்ளையை வெறும் பாலில் வைத்திருப்பது சரியல்ல.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். தைக் கடைசியில், பெப்ரவரி 10ஆம் திகதி பிறந்த ஆண் பிள்ளை. ஆகஸ்ட் 10ஆம் திகதி ஆறு மாதம் நிறைகிறது. நடக்கிற ஆறாம் மாதம் ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 9 வரை. அதில் பெரும் பகுதி ஆடி. ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்பார்கள். எட்டாம் மாதம் செப்டெம்பர் 10இல் தொடங்கினாலும் ஒரு வாரத்தில் புரட்டாசி பிறந்துவிடும். அதையும் சிலர் ஒதுக்குவார்கள். இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்லும் வழி இது: ‘ஆறு மாதம் நிறைந்தது’ என்பதையே ஆறாம் மாதக் கணக்காக எடுத்துக்கொண்டு, ஆவணி பிறந்த முதல் வாரத்தில், ஆகஸ்ட் 17க்குப் பிறகு வரும் நல்ல நாளைப் பிடியுங்கள். பிள்ளைக்கு ஆறு மாதமும் ஒரு வாரமும் ஆகியிருக்கும். அந்த ஒரு வாரத்தால் எந்தக் கேடும் இல்லை. பல ஐயர்மார் இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காதவர் எட்டாம் மாதம்தான் என்று நின்றால், ஆறு மாதம் முடிந்ததும் வீட்டில் சோற்றைச் சத்தமில்லாமல் தொடங்கிவிட்டுச் சடங்கை எட்டாம் மாதத்தில் செய்யுங்கள். சடங்கு நாளில் பிள்ளை அழாமல் வாய் திறக்கும் என்பது அதில் கிடைக்கும் இலாபம்.

நாளுக்குள் நேரம் பார்ப்பது சுலபம். செவ்வாய், சனி, அட்டமி, நவமி, கரிநாள் ஆகியவற்றைத் தவிர்ப்பார்கள். உங்கள் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்பம்மா ஒன்றையும் அம்மம்மா மற்றொன்றையும் விரித்து வைத்தால் நாள் கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும். நம் உதாரணப் பிள்ளைக்குப் புதன்கிழமை அமைந்தது என்று வைத்துக்கொள்வோம். யமகண்டம் காலை 7.30 முதல் 9 வரை, இராகுகாலம் பகல் 12 முதல் 1.30 வரை. இடையில் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை தாராளமாக இருக்கிறது.

உறவினர் வரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவணித் தொடக்கம் பல ஆண்டுகளில் நல்லூர்த் திருவிழாக் காலத்தோடு சேர்ந்துவிடும். அப்போது அப்பப்பாவும் அப்பம்மாவும் யாழ்ப்பாணத்தில் நிற்பார்கள். திகதியைக் குறிப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.

கோயிலிலா வீட்டிலா

பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில், வெள்ளவத்தை மயூராபதி அம்மன், கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர், கப்பித்தாவத்தைக் கைலாசநாதர் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோயில் இருக்கிறது. கோயிலில் செய்தால் ஐயர், சந்நிதி, நைவேத்தியம் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்துவிடும். ஆனால் கற்பூரப் புகையும் மணி ஓசையும் பூசை நேர நெரிசலும் ஆறு மாதப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமையோ ஆடிவேல் நாட்களோ என்றால் சொல்லவே வேண்டாம்.

எனக்குப் பிடித்த ஒழுங்கு இரண்டையும் பிரிப்பது: காலையில் கூட்டம் குறைந்த நேரத்தில் கோயிலுக்குப் போய் பிள்ளையின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு, சோற்றை வீட்டில் தீத்துவது. கோயிலிலேயே தீத்த வேண்டும் என்றால் முன்கூட்டியே ஐயரிடம் மூன்று விடயங்களைக் கதைத்துவிடுங்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டுவரலாமா, அல்லது மடப்பள்ளி அன்னம்தானா? மடப்பள்ளி அன்னம் என்றால் உப்பும் மிளகும் இல்லாத வெறும் சோறு ஒரு கரண்டி தனியே கிடைக்குமா? பஞ்சாமிர்தத்தைப் பிள்ளையின் நாக்கில் வைக்காமல் விடுவாரா? மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். அதற்கான காரணம் கீழே வருகிறது.

வீட்டில் என்றால் தொடர்மாடியின் சிறிய மண்டபமே போதும். கிழக்குப் பார்த்து ஒரு வாழையிலை, அதில் அரிசி பரப்பி நிறைகுடம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மஞ்சளில் பிடித்த பிள்ளையார், வெற்றிலை பாக்கு, பழம். நிறைகுடத்துக்கு ஐந்து மாவிலையும் ஒரு முடித்தேங்காயும் வேண்டும். வெள்ளவத்தைச் சந்தையில் மாவிலை, வாழையிலை எல்லாம் முதல்நாள் மாலையே வாங்கிவிடலாம். விளக்கைப் பிள்ளையின் கை எட்டாத தூரத்தில் வையுங்கள். ஆறு மாதத்தில் பிள்ளையின் கை நாம் நினைப்பதைவிட நீளம்.

என்ன கொடுப்பது

வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பழைய கிருகிய சூத்திரங்களில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. ஆசுவலாயன கிருகிய சூத்திரம் ஆறாம் மாதத்தில் அன்னப்பிராசனம் என்கிறது. உடல் வளம் வேண்டுவோர் ஆட்டிறைச்சியும், வேத ஒளி வேண்டுவோர் கவுதாரி இறைச்சியும், தேசு வேண்டுவோர் நெய்ச்சோறும் கொடுக்கலாம், அதைத் தயிர், தேன், நெய் கலந்து ஊட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. ‘அன்னபதே’ என்று தொடங்கும் மந்திரம், உணவின் தலைவனிடம் நோயற்ற, வலிமை தரும் அன்னத்தைக் கேட்கிறது. ஐயர் இன்றும் சொல்வது அதுதான். சைவ வீடுகளில் இறைச்சி போய்விட்டது. நெய்ச்சோறும் பால்சோறும் நின்றன.

இன்று நம்மவர் செய்வது பெரும்பாலும் பச்சரிசிப் பொங்கல். பாசிப்பயறு, தேங்காய்ப்பால், சர்க்கரை, கஜு, முந்திரிகை வற்றல் எல்லாம் போட்டது. சுவாமிக்குப் படைக்கவும் வந்தவர்கள் சாப்பிடவும் அது அருமையானது. பிள்ளையின் வாய்க்கு மட்டும் அது ஆகாது. கஜுவும் வற்றலும் தொண்டையில் அடைக்கும். சர்க்கரையும் உப்பும் ஒரு வயது வரை தேவையே இல்லை. ஆகவே இரண்டு பானை வையுங்கள்: பெரியது வீட்டுக்கு, சிறியது பிள்ளைக்கு.

சிறிய பானைக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளைப் பச்சரிசி போதும். சிவப்புப் பச்சரிசியின் தவிட்டைப் பிறகு பழக்கலாம், முதல் நாளுக்கு அது வேண்டாம். அரிசியை நன்றாகக் கழுவி அரைமணி நேரம் ஊறவைத்து, ஒன்றரைக் கோப்பை தண்ணீரில் மெல்லிய நெருப்பில் வேகவிடுங்கள். அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் அரைமணி நேரத்தில் பருக்கை உடைந்து குழைந்துவிடும். தண்ணீர் வற்றினால் கொதிநீர் சேர்க்கலாம். சூட்டோடு கரண்டியின் முதுகால் மசித்து, கொதிநீரில் அலசிய வடியில் தேய்த்தெடுங்கள். வடியின் அடியில் ஒட்டியிருப்பதையும் வழித்துக்கொள்ளுங்கள், நல்ல பகுதி அங்கேதான் இருக்கும்.

பதம் எப்படித் தெரியும்? கரண்டியில் எடுத்துச் சாயுங்கள். கஞ்சி போல ஓடினால் நீர்த்துவிட்டது, அதில் வயிறு நிறையுமே தவிர சத்து இல்லை. அப்படியே ஒட்டிக்கொண்டு விழ மறுத்தால் இறுகிவிட்டது. கரண்டியில் நின்று, பிறகு மெல்ல நழுவ வேண்டும். இறுகியிருந்தால் தண்ணீருக்குப் பதிலாகத் தாய்ப்பாலில் தளர்த்துங்கள். பிள்ளைக்குத் தெரிந்த சுவை அது ஒன்றுதான். பால்சோறு என்ற பெயரும் பொருந்திவிடும். சாத்திரத்துக்காக ஒரு சொட்டு நெய் விடலாம். கொடுப்பதற்கு முன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துச் சூடு பாருங்கள்.

தேன் மட்டும் கூடாது. சூத்திரத்தில் இருந்தாலும், தாத்தா காலத்தில் கொடுத்திருந்தாலும், ஒரு வயது முடியும் வரை ஒரு துளிகூடக் கூடாது. தேனில் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். நமது குடல் அவற்றை அடக்கிவிடும். குழந்தையின் குடலிலோ அவை முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கிவிடும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. கோயில் பஞ்சாமிர்தத்தில் தேன் இருக்கிறது என்பதால்தான் ஐயரிடம் முதலே சொல்லிவைக்கச் சொன்னேன். பெரியவர்கள் மனம் கோணினால், தேனுக்குரிய இடத்தை நெய்க்குக் கொடுங்கள். அதுவும் அதே பட்டியலில் இருப்பதுதான்.

யார் தீத்துவது

சூத்திரத்தின்படி ஊட்டுபவர் தகப்பன். நம் வழக்கத்தில் தாய்மாமனின் மடிக்கும் அப்பப்பா, அம்மப்பாமாரின் கைக்கும் அந்த இடம் போயிருக்கிறது. மாமா ஏன்? பிள்ளையின் தாய்க்குப் பிறந்த வீடு என்றும் துணை நிற்கும் என்பதற்கு அவரே சாட்சி. காது குத்தும்போது பிள்ளை அமர்வது அவர் மடியில். சாமத்திய வீட்டிலும் கலியாண வீட்டிலும் அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அந்த வரிசையின் தொடக்கம் இந்த முதல் சோறு. தகப்பன் வழியில் பெயரும் தாய் வழியில் மடியும் கிடைக்கின்றன என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தகப்பனை ஒதுக்குவதற்காக ஏற்பட்ட வழக்கம் அல்ல இது. ஆகவே முதல் வாயைத் தகப்பன் கொடுப்பதா மாமா கொடுப்பதா என்று இரு வீட்டாரும் இழுபறிப்பட வேண்டாம். மாமாவின் மடியில் இருத்தி, தகப்பன் கையால் கொடுத்தால் இரண்டு முறையும் நிறைவேறிவிடும்.

கொழும்பு வீடுகளில் உண்மையான சிக்கல், மாமா ரொறன்ரோவில் இருப்பதுதான். காலை ஒன்பதரைக்கு இங்கே சோறு தீத்தும்போது ரொறன்ரோவில் கோடைகால நேரப்படி முதல்நாள் நள்ளிரவு 12 மணி, இலண்டனில் அதிகாலை ஐந்து. மாமா விழித்திருந்து வீடியோவில் பார்க்கட்டும். மடிக்கு இன்னொருவர் வேண்டும். அம்மாவின் பெரியப்பா மகனும் சித்தி மகனும் பிள்ளைக்கு மாமாதான், கொழும்பில் யாராவது ஒருவர் இருப்பார். அலைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கும் பொறுப்பை மட்டும் பிள்ளையைப் பிடித்திருப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கணவனை இழந்த அம்மம்மாவைச் சோறு தீத்த விடாமல் பின்னால் நிறுத்தும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஆறு மாதமாக இரவும் பகலும் பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்கி வளர்த்த கை அது. அந்தக் கையை விலக்கிவிட்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கைக்கு இடம் கொடுப்பதில் எனக்கு எந்த மங்கலமும் தெரியவில்லை. சூத்திரப் பகுதியிலும் அப்படி ஒரு விதி இல்லை. இரண்டாவது வாயை அம்மம்மாவிடம் கொடுங்கள், யாரும் கேட்பதற்கு முன்பே கூப்பிட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது வாயை அப்பம்மாவோ அப்பப்பாவோ கொடுக்கட்டும். அத்தோடு நிறுத்துங்கள். வந்திருக்கும் அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அன்ரி எல்லோரும் ஆளுக்கொரு வாய் என்று கேட்பார்கள். பன்னிரண்டாவது வாயில் பிள்ளை எல்லாவற்றையும் பட்டுச்சட்டை மேல் கக்கிவிடும். ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு கிருமியும் இருக்கும். அவர்களுக்கு அறுகரிசி போடும் வேலையைக் கொடுங்கள். அறுகம்புல்லும் அரிசியும் எடுத்துப் பாதம், முழங்கால், தோள், தலை என்று வைத்து வாழ்த்துவது சோறு ஊட்டுவதற்குக் குறைந்த மரியாதை அல்ல.

அந்த ஒரு மணி நேரம்

பிள்ளைக்குப் பசி உச்சத்தில் இருக்கும்போது கரண்டியை நீட்டினால் வீறிட்டு அழும், அதற்குத் தெரிந்தது பால் மட்டும்தான். வயிறு நிறைந்திருந்தால் முகத்தைத் திருப்பும். முகூர்த்தம் ஒன்பதரை என்றால் எட்டரைக்கு அரை வயிறு பால் கொடுங்கள். அதற்கு முன் சிறிது நேரம் தூங்கியிருந்தால் இன்னும் நல்லது. பட்டுடுப்பைக் கடைசி நேரத்தில் போடுங்கள். கொழும்பு வெக்கையில் அரைமணி நேரத்துக்கு மேல் எந்தப் பிள்ளையும் அதைத் தாங்காது.

பிள்ளையாரைக் கும்பிட்டு, விளக்கேற்றி, மாமா கிழக்குப் பார்த்து அமர்ந்து பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்த வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்கப்போட்டபடி ஊட்டக்கூடாது, புரையேறும். தீத்துபவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவியிருக்க வேண்டும். தங்க மோதிரத்தால் தொட்டுக் கொடுப்பது உங்கள் வழக்கம் என்றால், கல் பதிக்காத மோதிரத்தைக் கொதிநீரில் போட்டெடுத்து, விரலில் இறுக்கமாக அணிந்துகொண்டு தொடுங்கள். கழற்றிப் பிடித்துக்கொண்டு கொடுக்க வேண்டாம். வெள்ளிக் கரண்டி இதைவிடச் சுலபம்.

கரண்டி நுனியில் ஒரு கச்சான் பருப்பு அளவு சோறு. கீழ் உதட்டில் மெல்லத் தொட்டுக்கொண்டு காத்திருங்கள். பிள்ளை வாயைத் திறந்தால் உள்ளே வையுங்கள், திணிக்க வேண்டாம். முதல் வாய் பெரும்பாலும் நாக்கால் வெளியே தள்ளப்பட்டுத் தாடையில் வழியும். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று அப்போது நாலு பேர் சொல்வார்கள். அதன் நாக்குக்கு இதுவரை தெரிந்தது உறிஞ்சுவது மட்டுமே. வழிந்ததை வழித்து மறுபடி ஒருமுறை கொடுங்கள், போதும்.

பிள்ளை ஓங்கரித்தாலும் கூட்டம் பதறும். சத்தம் வருகிறது, முகம் சிவக்கிறது, இருமுகிறது என்றால் பிள்ளை தானாகவே சமாளித்துக்கொள்ளும். விரலை வாய்க்குள் விடாதீர்கள். சத்தமே இல்லாமல், அழவும் முடியாமல் முகம் நீலமாகத் தொடங்கினால்தான் அடைப்பு. உடனே பிள்ளையை முன்கையில் குப்புற, தலை தாழ்ந்திருக்கப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாத்தி, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பின் மேல் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். இப்படி மாறி மாறிச் செய்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். மசித்து வடித்த சோற்றில் இது அநேகமாக நடக்காது. விருந்துத் தட்டிலிருந்து யாராவது அன்பாக எடுத்து வைக்கும் கஜுத் துண்டில் நடக்கும்.

மூன்று வாயும் முடிந்ததும் ஆலாத்தி. தட்டில் மஞ்சளும் குங்குமமும் கரைத்த நீர், அதில் மூன்று வாழைப்பழத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் நெய்த்திரி. இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்று பிடித்து மூன்று முறை சுற்றி, விரலால் தொட்டு நெற்றியில் வைப்பார்கள். பிறகு பிள்ளையைத் தாயிடம் கொடுத்து, உள்ளறையில் பால் குடிக்கவிடுங்கள். படம் எடுப்பவர்களுக்கு அதன் பிறகு மாமா போதும்.

புத்தகம், பேனை, பொன், காசு எல்லாம் பரப்பிப் பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்க்கும் விளையாட்டை இன்று சிலர் இதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். நம் முறையில் அது பல் முளைத்த பிறகு செய்யும் பல்லுக்கொழுக்கட்டைக்கு உரியது. ஆறு மாதப் பிள்ளைக்குத் தனியே உட்காரவே தெரியாது, எதை எடுக்கப் போகிறது? அதை அடுத்த கொண்டாட்டத்துக்கு விட்டுவையுங்கள்.

மறுநாள்

சடங்கு முடிந்த மறுநாள் பிள்ளைக்குச் சோறு கொடுக்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதே மசித்த சோற்றைக் காலையில் இரண்டு மூன்று தேக்கரண்டி கொடுங்கள். ஏதாவது ஒவ்வாமை தெரிந்தால் பகலில் வைத்தியரிடம் போகலாம் என்பதால்தான் காலை. ஓரிரு நாளில் பருப்பு, பிறகு பூசணி, கரட், கீரை என்று ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோறு மட்டும் இரும்புச்சத்தைத் தராது. மச்சம் சாப்பிடும் வீடுகளில் மசித்த மீன், ஈரல், முட்டை ஆகியவற்றையும் அடுத்த சில வாரங்களில் பழக்குங்கள். மரக்கறி வீடுகளில் பயறும் பருப்பும் கீரையும் தவறாமல் இருக்கட்டும், இரும்புச்சத்து மருந்து தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள். தாய்ப்பால் வழக்கம்போல இரண்டு வயது வரை தொடரட்டும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, தலை இன்னும் நிமிர்ந்து நிற்காத பிள்ளை, பால் குடிக்கும்போதே அடிக்கடி புரையேறும் பிள்ளை என்றால் பஞ்சாங்கத்தைத் திறப்பதற்கு முன் பிள்ளை நல வைத்தியரைப் பாருங்கள்.